தெரியாதவருக்கு இணைப்புக் கோரிக்கை அனுப்பும்போது குறிப்பில் என்ன எழுதுவது?

கேள்வி: இறுதியாண்டு படிக்கிறேன். லிங்க்ட்இனில் என் துறையில் இருப்பவர்களுக்குக் கோரிக்கை அனுப்பினால் பாதிப் பேர் கண்டுகொள்வதே இல்லை. குறிப்பு எழுதி அனுப்பினாலும் அதே கதைதான். மரியாதையாகவும் இருக்க வேண்டும், பதிலும் வர வேண்டும் என்றால் என்ன எழுதுவது?

இறுதியாண்டில் நான் செய்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே குறிப்பை எழுதி வைத்துக்கொண்டு, நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றி மாற்றி ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவசரத்தில் பெயரை மாற்ற மறந்து, ஒரு நிறுவனத்தில் இருப்பவரிடம் அவர்களுடைய போட்டி நிறுவனத்தில் வேலை செய்வது என் கனவு என்று சொல்லிவிட்டேன். அவர் கோரிக்கையை ஏற்றார், "தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டாய் தம்பி" என்று ஒரு வரி அனுப்பினார், அவ்வளவுதான். வெட்கத்தில் இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், பெயரைச் சரியாக மாற்றிய மற்ற குறிப்புகளும் அதே லட்சணத்தில்தான் இருந்தன. யாருக்கு வேண்டுமானாலும் போகக்கூடிய குறிப்பு அது. படிப்பவருக்கு அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

இப்போது நான் தொழிற்சாலை இயந்திரங்களின் பராமரிப்புப் பக்கம் வேலை செய்கிறேன், எனக்கும் மாணவர்களிடமிருந்து கோரிக்கைகள் வருகின்றன. அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. கோரிக்கை வந்தால் என் கண்ணில் படுவது உங்கள் பெயர், படம், பெயருக்குக் கீழே இருக்கும் ஒரு வரி, நம் இருவருக்கும் பொதுவாக யார் இருக்கிறார்கள் என்பது, அப்புறம் அந்தக் குறிப்பு. குறிப்பு நீளமாக இருந்தால் தொடக்கம் மட்டும்தான் கண்ணில் படும். தேநீர் இடைவேளையில் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே ஏற்பதா விடுவதா என்று முடிவு செய்கிறேன், சில நொடிகள்தான். "வணக்கம் சார்/மேடம்" என்று சாய்கோடு போட்டுத் தொடங்கினால், நான் ஆணா பெண்ணா என்றுகூடப் பார்க்காமல் அனுப்பியிருக்கிறார் என்று அர்த்தம்.

அடுத்தது, குறிப்பு எழுதும் வாய்ப்பே குறைவு. இலவசக் கணக்கில் மாதத்துக்கு விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் குறிப்போடு கோரிக்கை அனுப்ப விடுவார்கள், அதிலும் ஒரு குறிப்புக்கு 200 எழுத்துதான். காசு கட்டினால் 300. இது தெரியாமல் நிறையப் பேர் முதல் நாளே எல்லா வாய்ப்பையும் பெரிய பதவியில் இருப்பவர்கள் மேல் செலவழித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். தமிழில் எழுதினால் இன்னொரு சிக்கலும் உண்டு: நமக்கு மூன்று எழுத்தாகத் தெரியும் "தமிழ்" கணினிக்கு ஐந்து, ஏனென்றால் "மி"யில் இருக்கும் இகரக் குறியும் "ழ்" மேல் இருக்கும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். பெறுபவர் எந்த மொழியில் பதிவு போடுகிறாரோ அந்த மொழியிலேயே எழுதுங்கள், ஆனால் இந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும்.

கைப்பேசியில் Connect பொத்தானைத் தட்டினால் பல நேரம் குறிப்பு கேட்காமலேயே கோரிக்கை போய்விடும். ஆளின் பக்கத்துக்குள் போய், மேலே இருக்கும் மூன்று புள்ளி மெனுவில் Personalize invite இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது கணினியிலிருந்தே அனுப்புங்கள்.

சரி, குறிப்புக்கு வருவோம். எங்கள் கல்லூரி ஜூனியர் ஒருத்தி போன வருடம் என்னிடம் வந்தாள். மோட்டாரில் அதிர்வை அளந்து பேரிங் பழுதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது அவளுடைய இறுதியாண்டு புராஜெக்ட். அந்தத் துறையில் பல வருடம் ஊறியவர் ஒருவருக்குக் கோரிக்கை அனுப்ப வேண்டும், "அண்ணா, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று அவள் காட்டியது இது:

> வணக்கம் சார், நான் இறுதியாண்டு பொறியியல் மாணவி. உங்கள் அனுபவமும் சாதனைகளும் என்னை மிகவும் கவர்ந்தன. உங்களோடு இணைந்து நிறையக் கற்றுக்கொள்ள ஆவலாக உள்ளேன்.

மரியாதைக்குக் குறைவே இல்லை. ஆனால் இதை ஒரு பல் மருத்துவருக்கு அனுப்பினாலும் பொருந்தும், அதுதான் கோளாறு. "அவர் எழுதியதில் எதைப் படித்தாய்?" என்று கேட்டேன். சென்சாரைக் காந்தத்தால் ஒட்டினால் அதிக அதிர்வெண்ணில் வரும் அதிர்வு சரியாகப் பதிவாகாது என்று ஒரு பதிவு போட்டிருந்தாராம். படித்தபோதுதான் தன் கருவியிலும் காந்தம்தான் இருக்கிறது, அதனால்தான் வேண்டுமென்றே பழுதாக்கி வைத்த பேரிங்கும் நல்ல பேரிங்கும் வரைபடத்தில் ஒன்றுபோலத் தெரிகின்றன என்று அவளுக்கு உறைத்திருக்கிறது. (பேரிங் பழுதின் ஆரம்ப அறிகுறிகள் அதிக அதிர்வெண் பக்கம்தான் தலைகாட்டும். காந்தப் பிடிப்பு, போல்ட் போட்டு இறுக்கியதுபோல் விறைப்பாக இருக்காது.) இவ்வளவு நல்ல சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு "சாதனைகள் கவர்ந்தன" என்று எழுதியிருக்கிறாளே என்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

இரண்டு மூன்று முறை வெட்டி ஒட்டிய பிறகு வந்தது இது:

> வணக்கம். காந்தத்தில் பொருத்திய சென்சார் உயர் அதிர்வெண்களைக் காட்டாது என்ற உங்கள் பதிவால் என் இறுதியாண்டு புராஜெக்டில் பிழை பிடிபட்டது. பேரிங் பழுது பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர விரும்புகிறேன்.

இடைவெளிகளையும் சேர்த்து 190 சொச்சம். இதில் கல்லூரிப் பெயர் இல்லை, அவள் பெயரும் இல்லை, ஏனென்றால் அவை குறிப்புக்கு மேலேயோ அவள் பக்கத்திலோ தெரியப்போகின்றன, 200 எழுத்தில் அதற்கு இடம் கொடுப்பது வீண். புகழ்ச்சியும் இல்லை. அவர் எழுதியது ஓர் இடத்தில் பயன்பட்டது என்று சொல்வதைவிடப் பெரிய புகழ்ச்சி அவருக்குத் தேவையும் இல்லை. முக்கியமாக, குறிப்பில் எதையும் கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன், அவளுக்கு "இன்டர்ன்ஷிப் கிடைக்குமா" என்று ஒரு வால் சேர்க்க ஆசை. அந்த வால் சேர்ந்தால் முன்னால் எழுதிய வரி வெறும் தூண்டில் புழுவாகிவிடும், படிப்பவரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்.

அனுப்புவதற்கு முன்னால் இன்னொரு வேலை பார்த்தோம். அவள் பெயருக்குக் கீழே "ஆர்வமுள்ள மாணவி, புதிய வாய்ப்புகளைத் தேடுகிறேன்" என்று இருந்தது. அதை "இறுதியாண்டு இயந்திரவியல், மோட்டார் அதிர்வு மூலம் பேரிங் பழுது கண்டறிதல்" என்று மாற்றச் சொன்னேன். குறிப்பு ஒன்று சொல்ல, அதற்கு மேலே இருக்கும் வரி வேறொன்று சொன்னால் பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும். இரண்டும் ஒரே கதையைச் சொன்னால், இந்தப் பெண் நிஜமாகவே இதைச் செய்துகொண்டிருக்கிறாள் என்று நம்புவார்.

மூன்றாவது நாள் ஏற்றார். இங்கேதான் பெரும்பாலானோர் சொதப்புவார்கள்: ஏற்ற அரை மணி நேரத்தில் ரெஸ்யூமே போய் நிற்கும். அவள் அன்று ஒரு நன்றி மட்டும் சொன்னாள், இரண்டு நாள் கழித்து ஒரு கேள்வி கேட்டாள்: "மோட்டாரின் மேல் பெயிண்ட் இருக்கிறது, துளை போட்டு போல்ட் வைக்க ஆய்வகத்தில் அனுமதி இல்லை. பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் பசையால் ஒட்டினால் போதுமா?" இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி, அவருக்கு மட்டுமே உடனே தெரிந்த விஷயம், அதிலும் அவள் ஏற்கெனவே யோசித்திருக்கிறாள் என்பது தெரிகிறது. "போதும், ஆனால் பசையை மெல்லிசாகப் பூசு, கெட்டியாக இறுகும் பசையாக இருக்கட்டும், ரப்பர்போல் மெத்தென்று இருக்கும் பசை வேண்டாம்" என்று பதில் வந்தது. அடுத்த வாரம் அவள் பழைய வரைபடத்தையும் புதிய வரைபடத்தையும் அருகருகே வைத்து அவருக்கு அனுப்பினாள், புதியதில் பழுதான பேரிங்கின் சிகரங்கள் தனியாக எழுந்து நின்றன. என்னைக் கேட்டால் அந்தப் படம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஆலோசனை கேட்டு வாங்கியவர்களில் திரும்பி வந்து "செய்தேன், இப்படி ஆனது" என்று சொல்பவர்கள் அபூர்வம். எனக்கே அப்படிச் சொன்ன இரண்டு பேரின் பெயர் இன்னும் நினைவிருக்கிறது.

வேலைப் பேச்சை அவள் எடுத்தது இரண்டு மாதம் கழித்து. அப்போதும் "வேலை வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்கவில்லை, புதிதாகப் படித்து முடிப்பவர்களை அவர் துறையில் எந்தப் பொறுப்பில் எடுப்பார்கள், என்ன பெயரில் விளம்பரம் வரும் என்று கேட்டாள். அவர் நிறுவனத்தில் அந்த வருடம் ஆள் எடுக்கவில்லை. ஆனால் தேட வேண்டிய பதவிப் பெயர்களைச் சொன்னார், தெரிந்த ஒருவரிடம் அறிமுகமும் செய்துவைத்தார். ஆக, ஒரு குறிப்பால் வேலை கிடைத்துவிட்டது என்ற கதை இல்லை இது. ஒருவர் இருவரானார், அவ்வளவுதான்.

யாருக்கு அனுப்புவது என்றும் யோசித்திருப்பீர்கள். துறைத் தலைவர்களை விட்டுவிடுங்கள், அவர்களுக்கு வரும் குவியலில் உங்கள் குறிப்பு மூழ்கிவிடும். உங்கள் கல்லூரியின் பக்கத்தில் Alumni என்ற பகுதிக்குப் போனால், எங்கே வேலை செய்கிறார்கள், என்ன செய்கிறார்கள், எந்த வருடம் படித்தார்கள் என்று வடிகட்டிப் பார்க்கலாம். படித்து முடித்து இரண்டிலிருந்து ஐந்து வருடம் ஆனவர்களைப் பிடியுங்கள். வேலை தேடிய வலி அவர்களுக்கு இன்னும் ஆறியிருக்காது, பதில் சொல்வார்கள். அவர்களிடம் பதிவு எதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, "நீங்கள் செய்த அதே பாடப்பிரிவு, அங்கிருந்து பராமரிப்புத் துறைக்குப் போன ஒரே ஆள் நீங்கள்தான் என்று பார்த்தேன்" என்பதே போதுமான அளவு குறிப்பானது, அது உண்மையாக இருக்கும்வரை. ஒரே வகுப்பில் படித்தவர்களுக்கும் நேரில் பேசிய ஆசிரியர்களுக்கும் குறிப்பு இல்லாமலே அனுப்பலாம், அங்கே உங்கள் வாய்ப்புகளை வீணாக்காதீர்கள்.

ஒருவர் ஏற்கவில்லை என்றால் அவருடைய செயல்பாட்டுப் பகுதியைப் பாருங்கள். கடைசிப் பதிவோ கருத்தோ ஒரு வருடத்துக்கு முந்தையது என்றால் அவர் உங்கள் கோரிக்கையைப் பார்க்கவே இல்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும், மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அடிக்கடி எழுதுபவர் என்றால், அவர் பதிவின் கீழே உருப்படியான ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருங்கள், அவரே பதில் சொன்னால் அதைவிட நல்ல அறிமுகம் இல்லை. ஒரு மாதம் ஆகியும் நிலுவையில் கிடப்பவற்றை My Network பகுதியில் Sent பட்டியலுக்குப் போய் Withdraw செய்யலாம். ஆனால் திரும்பப் பெற்றால் அதே ஆளுக்கு மூன்று வாரம் வரை மறுபடி அனுப்ப முடியாது, அதனால் குறிப்பில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று பதறிப்போய் உடனே திரும்பப் பெற்றுவிடாதீர்கள்.