கணவரோட வெளிநாடு போக சம்பளமில்லா லீவு: எந்த லீவ முதல்ல போடணும்

கேள்வி: சென்ட்ரல் கவர்ன்மென்ட் வேலைல 12 வருஷ சர்வீஸ். வீட்டுக்காரருக்கு ஜெர்மனில நாலு வருஷ கான்ட்ராக்ட். பொண்ணு ஒண்ணாவது படிக்கறா. ரிசைன் பண்ணாம, சம்பளமில்லா லீவுல கூட போக முடியுமா?

போகலாம் சிஸ்டர். வேலூர்ல ஒரு மத்திய அரசு ஆபீஸ்ல எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷன்ல ரொம்ப வருஷம் லீவு ஃபைல் பாத்தவன் நான். உங்களுக்கு 1972 சிசிஎஸ் லீவு ரூல்ஸ்தான் பொருந்தும், அதுல 32வது ரூல்தான் எக்ஸ்ட்ராஆர்டினரி லீவு, ஆபீஸ்ல எல்லாரும் ஈஓஎல்னு சொல்வாங்க. ஸ்டேட் கவர்ன்மென்ட்டுக்கும் பேங்குக்கும் ரூல் வேற, அவங்க இத அப்படியே எடுத்துக்காதீங்க.

நிறைய பேர் பண்றது என்னன்னா நாலு வருஷத்தையும் மொத்தமா ஈஓஎல்னு எழுதிக் குடுத்துடறாங்க. மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் இல்லாம போடற ஈஓஎல் பென்ஷன் சர்வீஸ்ல சேராது, இன்க்ரிமென்ட்டுக்கும் சேராது, என்பிஎஸ்ல உங்க பங்கும் போகாது கவர்ன்மென்ட் பங்கும் வராது. பழைய சர்வீஸ் அப்படியே இருக்கும், அதுக்கு பயப்பட வேணாம், ஆனா அந்த நாலு வருஷம் கணக்குல இல்லாம போயிடும்.

அதனால சம்பளத்தோட இருக்கற லீவ முன்னாடி வைங்க. குடியாத்தத்துல இருந்து வந்துட்டு இருந்த ஒரு அம்மா கேஸும் கிட்டத்தட்ட உங்களுது மாதிரிதான், சின்னக் குழந்தை, வீட்டுக்காரர் வெளிநாட்ல. அவங்களுக்கு முதல்ல 150 நாள் ஈஎல், அது முடிஞ்ச மறுநாள்ல இருந்து 365 நாள் சைல்ட் கேர் லீவு, மீதிக்கு ஈஓஎல்னு போட்டோம். சிசிஎல் சர்வீஸ் முழுக்க 730 நாள், அதுல முதல் 365 நாளுக்கு முழு சம்பளம், அடுத்த 365க்கு 80 சதவீதம், குழந்தைக்கு 18 வயசு ஆகற வரைக்கும் எடுக்கலாம். இப்படிப் பண்ணதுல நாலு வருஷத்துல சுமார் 17 மாசம் சம்பளத்தோட போச்சு, சர்வீஸ்லயும் சேந்துச்சு, மீதி 31 மாசம்தான் கழிஞ்சுது. சிசிஎல்ல இவ்ளோ நீளமா ஒரே தடவைல குடுக்கறது உங்க ஆபீசர் கைலதான் இருக்கு, எந்த லீவையும் உரிமைன்னு கேக்க முடியாதுன்னு 7வது ரூலே சொல்லுது. அதனால குழந்தையோட பர்த் சர்ட்டிஃபிகேட், வீட்டுக்காரரோட கான்ட்ராக்ட் காப்பி, விசா காப்பி எல்லாத்தையும் சேத்து காரணத்த விவரமா எழுதுங்க. ஈஎல் பாக்கி இருக்கும்போதே ஈஓஎல் வேணும்னா "எனக்கு எக்ஸ்ட்ராஆர்டினரி லீவே வேண்டும்"னு எழுத்துல கேட்டிருக்கணும், அந்த ஒரு வரி இல்லன்னு திரும்பி வந்த அப்ளிகேஷன் நானே பாத்திருக்கேன். வெளிநாடு போறதுக்கு தனியா பெர்மிஷனும் வாங்கணும், லீவு சேங்ஷன் ஆனா அதுவும் ஆச்சுன்னு நினைச்சுடாதீங்க.

இப்ப அஞ்சு வருஷ விஷயம். 12வது ரூல்படி எந்த லீவா இருந்தாலும் தொடர்ச்சியா அஞ்சு வருஷத்துக்கு மேல குடுக்க முடியாது, அதத் தாண்டி வரலன்னா விளக்கம் கேட்டுட்டு ரிசைன் பண்ணதாவே எடுத்துக்கலாம். இந்த அஞ்சு வருஷம் ஈஓஎல் ஆரம்பிக்கற நாள்ல இருந்து இல்லீங்க, நீங்க முதல்ல போட்ட ஈஎல்லோட முதல் நாள்ல இருந்து ஓடும். உங்களுக்கு நாலு வருஷம்ங்கறதால ஒரு வருஷம் கைல இருக்கு, வீட்டுக்காரர் கான்ட்ராக்ட் நீண்டா அங்கதான் கணக்கு இடிக்கும்.

எக்ஸ்டென்ஷன் லீவு முடியறதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே கேளுங்க. அரக்கோணத்துக்காரர் ஒருத்தர் லீவு முடிஞ்சப்புறம் அங்கிருந்து லெட்டர் போட்டார், நடுவுல இருந்த நாளெல்லாம் அனுமதியில்லாத ஆப்சென்ட்னு ஆகி சார்ஜ் ஷீட் வரைக்கும் போச்சு, அவ்ளோ நல்லா வேலை பாத்த மனுஷன், பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. ஆர்டர் கைக்கு வராம டிக்கெட் போடறதும் இதே வம்புதான், "சேங்ஷன் ஆயிடும் நீ கெளம்பு"ன்னு சீட்ல இருக்கறவரு வாயால சொல்றத நம்பாதீங்க.

அங்க போனப்புறம் டிபெண்டென்ட் விசாலயே வேலை பாக்கலாம்னு ஜெர்மனில அனுமதி இருக்கு, அதனால சின்னதா ஏதாவது சேரலாம்னு தோணும். விசா விட்டாலும் நம்ம 13வது ரூல் விடாது. லீவுல இருக்கும்போது வெளிநாட்ல வேலை பாக்கணும்னா முன்கூட்டியே குடியரசுத் தலைவர் பேர்ல, அதாவது மத்திய அரசு மட்டத்துல, அனுமதி வாங்கணும். வீட்ல உக்காந்து ஆன்லைன்ல சம்பளத்துக்குப் பண்ற வேலைக்கும் இதேதான்னு வச்சுக்கங்க.

இன்னும் ப்ரொபேஷன் முடியாதவங்க, கன்ஃபர்ம் ஆகாதவங்க யாராவது இதப் படிச்சா, உங்களுக்கு சாதாரணமா ஒரு தடவைக்கு மூணு மாசம்தான் ஈஓஎல். சிஸ்டர் உங்களுக்கு 12 வருஷம் ஆச்சு, ஆனாலும் சர்வீஸ் புக்ல கன்ஃபர்மேஷன் என்ட்ரி இருக்கான்னு அப்ளிகேஷன் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடுங்க.