மரண வாக்குமூலம் இரண்டு விதமாக இருந்தால்?

கேள்வி: தீக்காயத்தோடு ஜி.ஹெச்.சில் கிடந்த என் தங்கை, மாஜிஸ்திரேட்டிடம் ‘ஸ்டவ் வெடித்துவிட்டது’ என்றாள். மறுநாள் அம்மாவிடம் ‘அவர்தான் மண்ணெண்ணெய் ஊற்றினார்’ என்றாள். அடுத்த நாள் இறந்துவிட்டாள். அம்மா சொல்வது கோர்ட்டில் நிற்குமா?

பதில்: நிற்கலாம். ஆனால் அது மட்டும் போதாது.

இறந்தவர் தன் சாவுக்கான காரணத்தை யாரிடம் சொல்லியிருந்தாலும், பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 26-ஆம் பிரிவு (பழைய சாட்சியச் சட்டத்தில் 32(1)) அதைச் சாட்சியமாக ஏற்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. சாகப்போகிறோம் என்று தெரிந்து சொல்லியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. நம்பும்படி இருந்தால் அதை மட்டும் வைத்தே தண்டிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1957-லேயே குஷால் ராவ் வழக்கில் சொல்லிவிட்டது. உங்கள் வழக்கில் இரண்டு வாக்குமூலங்கள் முரண்படுகின்றன. அதனால் எது உண்மை என்று காட்ட வேறு ஆதாரத்தைக் கோர்ட் தேடும். சந்தேகம் மிஞ்சினால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகும்.

தங்கையைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. ஆனால் அவள் சொன்னதைக் கேட்டவர்களைச் செய்யலாம். மாஜிஸ்திரேட் கூண்டேறும்போது, பதிவு செய்த நேரத்தில் கணவரும் அவர் வீட்டாரும் வார்டில் இருந்தார்களா, அவர்களை வெளியே அனுப்பினாரா என்று அரசு வழக்கறிஞர் கேட்க வேண்டும். பிள்ளைகள் புருஷன் வீட்டார் கையில் இருக்கும்போது, பயந்துபோய் ‘ஸ்டவ்’ என்று சொன்ன பெண்கள் உண்டு. கோர்ட்டுக்கும் இது தெரியும். டாக்டர் சான்று இல்லை என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள். சுயநினைவோடு பேசினார் என்று மாஜிஸ்திரேட்டே திருப்திப்பட்டிருந்தால் போதும் என்பது 2002-இல் லக்ஷ்மண் வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னது.

அம்மாவிடம் எதிர்த்தரப்பு கேட்கப்போவது இதைத்தான்: எப்போது சொன்னாள், பக்கத்தில் யார் இருந்தார்கள், வலிக்கு ஊசி போட்டிருந்தார்களா, அன்றே ஏன் போலீசிடம் சொல்லவில்லை? ஆகவே அம்மா இன்றே விசாரணை அதிகாரியிடம் போகட்டும். தங்கை பேசிய வார்த்தைகளை அப்படியே சொல்லட்டும். ‘கொடுமைப்படுத்தினார்கள்’ என்று தன் வார்த்தையில் சுருக்க வேண்டாம். தாமதமாகும் ஒவ்வொரு நாளும் ‘பிறகு ஜோடித்தது’ என்ற வாதத்துக்கு வலு சேர்க்கும்.

அடுத்தது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலான ஏ.ஆர். காப்பி. சேர்த்தபோது யார் அழைத்துவந்தார், எப்படிக் காயம் பட்டது என்று டூட்டி டாக்டர் எழுதியிருப்பார். தங்கையே வாய்திறந்து சொன்னதாக அதில் இருந்தால் அதுவும் ஒரு மரண வாக்குமூலம்தான். கணவர் சொல்லி எழுதியது என்றால், அது அவர் கதை மட்டுமே. ஸ்டவ்வைக் கைப்பற்றினார்களா, அது வெடித்த நிலையில் இருந்ததா, தலைமுடியிலும் துணியிலும் மண்ணெண்ணெய் இருந்ததாகத் தடயவியல் அறிக்கை சொல்கிறதா என்பதையும் பாருங்கள். வெடிக்காத ஸ்டவ் கிடைத்தால் முதல் வாக்குமூலம் ஆட்டம் காணும்.

கல்யாணமாகி 7 வருடத்துக்குள் என்றால் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வின் விசாரணை நடக்கும், அங்கேயும் அம்மா இதே வார்த்தைகளைச் சொல்ல வேண்டும். குற்றப்பத்திரிகை தாக்கலானதும் நீங்கள் ஒரு வழக்கறிஞரை வைத்திருந்தால், ஆவண நகல்கள் உங்கள் தரப்புக்கும் கிடைக்கும்.