புலமைப்பரிசில் மிச்சத்தைக் குறிப்பில் எழுதுவது

"களுவாஞ்சிகுடியில சின்ன நம்பிக்கை நிதியத்துட கணக்கு. புலமைப்பரிசிலுக்கு எண்டு இந்த வருசம் வந்த 12 இலட்சத்தில 7.5 இலட்சம்தான் குடுத்திருக்கு. மிச்சத்தை குறிப்பில எப்படி எழுதுறது?"

முதலில் கொள்கைக் குறிப்பு. கம்பனிக் கணக்கிலிருந்து பிரதி பண்ணாதீங்க; இல்லாத சரக்கிருப்புக்கெல்லாம் கொள்கை வந்துவிடும். இவ்வளவு போதும்: "குறித்த நோக்கத்துக்குக் கிடைத்த நன்கொடை வரையறுக்கப்பட்ட நிதியில் வரவு வைக்கப்படும். செலவாகும் ஆண்டில், செலவான அளவுக்கே வருமானமாகக் காட்டப்படும்." அப்படியானால் வருமானக் கூற்றில் 7,50,000தான் வரவேணும். அங்கே 12 இலட்சமும் நின்றால், 4.5 இலட்சம் இல்லாத மிகையாகத் தெரியும். நன்கொடையாளர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

அடுத்தது மீதிக் குறிப்பு. மீதியை மட்டும் போடாமல் நகர்வைக் காட்டுங்க: ஆரம்ப மீதி இல்லை, பெற்றது 12,00,000, வழங்கியது 7,50,000, இறுதி மீதி 4,50,000. அடுத்த வருடம் இதே தொகைதான் ஆரம்ப மீதி.

பிறகு அந்தக் காசு எங்கே இருக்கிறது என்று பாருங்க. பலர் விடுவது இதைத்தான். நிலையான வைப்பு 3,00,000, சேமிப்பு 1,10,000, வேறு காசு இல்லை என்றால் 40,000 குறைகிறது. பெரும்பாலும் அலுவலகச் செலவுக்குப் போயிருக்கும். அதை மறைக்காமல், "பொது நிதி புலமைப்பரிசில் நிதிக்குத் திருப்ப வேண்டியது 40,000" என்று அதே குறிப்பின் கீழே எழுதுங்க.