பழைய முகவரியைக் கைவிடலாமா?

*கேள்வி: எங்கள் கடையின் இணையதள முகவரியை மாற்றிவிட்டோம். சேமித்து வைத்த இணைப்பை மாற்றிக்கொள்ளச் சொல்லி வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பப் போகிறோம். பழைய முகவரியின் காலம் அடுத்த மாதம் முடிகிறது. "அறிவிப்பு போனால் போதும், அதைப் புதுப்பிக்க வேண்டாம்" என்கிறார் தளம் செய்து தந்தவர். சரிதானா?*

சரியில்லை. இன்றைக்கே புதுப்பித்துவிடுங்கள், முடிந்தால் பல ஆண்டுகளுக்குச் சேர்த்து.

புக்மார்க் தானாக மாறாது. பழைய முகவரி ஆயிரம் முறை புதியதற்குத் திருப்பிவிட்டாலும் பிரவுசர் பழையதையேதான் வைத்திருக்கும். இத்தனை வருடத்தில் இந்தச் சின்ன வேலையைக்கூட பிரவுசர்காரர்கள் செய்து தரவில்லை என்பதில் எனக்குக் கோபம் உண்டு. வாடிக்கையாளர் கையால்தான் மாற்ற வேண்டும். பலர் மாற்ற மாட்டார்கள்.

இந்த நிலையில் பெயரை விட்டுவிட்டால் என்ன ஆகும்? .com பெயர் என்றால், காலாவதியான பின் விற்றவரைப் பொறுத்து 45 நாள் வரை புதுப்பிக்க அவகாசம் கிடைக்கலாம். அப்புறம் 30 நாள், கூடுதல் கட்டணத்தோடு மீட்கலாம். கடைசி 5 நாள் எதுவும் செய்ய முடியாது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கியவர் உங்கள் தளத்தைப் போலவே ஒரு பக்கம் போட்டு வைத்தால், உங்கள் வாடிக்கையாளர் தன் புக்மார்க்கைத் தொட்டு நேராக அங்கே போய்க் கடவுச்சொல்லைத் தட்டுவார். பழைய பெயரில் இருந்த மின்னஞ்சலுக்கு வரும் கடிதங்களும் அந்த ஆளுக்குத்தான் போகும். நீங்கள் வேறு எங்காவது அந்த மின்னஞ்சலைக் கொடுத்துக் கணக்கு வைத்திருந்தால், அதன் கடவுச்சொல்லை மாற்றும் கடிதமும் அதில் சேர்த்தி.

புதுப்பித்த பெயரில், வருபவரைப் புதிய முகவரிக்கு அனுப்பிவிடும் நிரந்தரத் திருப்பம் போடச் சொல்லுங்கள். 301 என்று சொன்னால் தளம் செய்தவருக்குப் புரியும். பலர் சோம்பலில் எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுவார்கள்; அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். பழையது `example.com`, புதியது `example.net` என்று வைத்துக்கொள்வோம். `https://example.com/orders` என்று சேமித்திருப்பவர் `https://example.net/orders` பக்கத்தில்தான் போய் நிற்க வேண்டும். முகப்பில் நின்றால் ஆர்டர் பக்கத்தையே எடுத்துவிட்டார்கள் என்று நினைப்பார். கைபேசியில் தனிப்பட்ட சாளரம் ஒன்றைத் திறந்து, பழைய உள்பக்க முகவரியைத் தட்டிப் பாருங்கள். பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால், இது அந்தப் பெயருக்குரிய தளம்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழ் பழைய பெயருக்குப் பெரும்பாலும் காலாவதியாகியிருக்கும். திருப்பம் வேலை செய்யும் முன்பே பிரவுசர் அந்தச் சான்றிதழைத்தான் பார்க்கிறது. அதனால் தளம் காலியானாலும் சான்றிதழ் உயிரோடு இருக்க வேண்டும்.

இனி அறிவிப்பு. உள்நுழையும் இணைப்பை அதில் வைக்காதீர்கள். "முகவரி மாறிவிட்டது, இங்கே சொடுக்குங்கள்" என்பது மோசடிக்காரர்கள் எழுதும் அதே வாக்கியம். வாடிக்கையாளரிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய இணைப்பையே சாட்சியாக்குங்கள்:

> எங்கள் முகவரி example.com என்பதிலிருந்து example.net என மாறியிருக்கிறது. நீங்கள் சேமித்து வைத்திருக்கும் பழைய இணைப்பைத் திறந்தால் அதுவே புதிய தளத்துக்குக் கொண்டுபோகும். மேலே example.net என்று இருப்பதைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தைச் சேமியுங்கள், பழையதை நீக்கிவிடுங்கள். உங்கள் கடவுச்சொல் மாறவில்லை. ஆனால் பிரவுசர் அதைத் தானாக நிரப்பாது. முதல் முறை நீங்களே தட்ட வேண்டும்.

கடைசி இரண்டு வரிகளை வெட்டிவிடாதீர்கள். சேமித்த கடவுச்சொல் பழைய பெயரோடு கட்டப்பட்டது. புதிய தளத்தில் கட்டம் காலியாக நிற்பதைப் பார்ப்பவர் போலித் தளம் என்று சந்தேகிப்பார், சந்தேகிக்கவும் வேண்டும். முன்கூட்டிச் சொல்லிவிட்டால் உங்களுக்கு அத்தனை தொலைபேசி அழைப்புகள் மிச்சம்.

ஒரே ஒரு நிலையில் மேலே சொன்ன பாதி பொருந்தாது: பழைய பெயர் உங்களுடையதாக இல்லாதபோது. ஏதோ ஒரு இலவசச் சேவை தந்த பெயருக்குக் கீழே உங்கள் கடை இருந்திருந்தால், புதுப்பிக்கவோ 301 போடவோ உங்களுக்கு உரிமை இருக்காது. அப்போது பழைய கணக்கை மூடாமல், அதன் முகப்பில் புதிய முகவரியைப் பெரிதாக எழுதி வையுங்கள். உங்கள் பணத்தில் வாங்கிய பெயரைத் தளம் செய்தவர் தன் பெயரில் பதிந்திருந்தாலும் இதே கதிதான். என்னிடம் வந்த ஒரு வணிகர் ஆறு வருடம் பணம் கட்டிய பிறகு, பெயர் தன்னுடையது இல்லை என்று தெரிந்துகொண்டார். உங்களவர் "வேண்டாம்" என்று சொல்வதால் கேட்கிறேன்: புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் யாருடைய மின்னஞ்சலுக்கு வருகிறது? அவருடையதற்கு என்றால், பெயரை உங்கள் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். மாறிய பிறகு அறிவிப்பை அனுப்புங்கள்.

"எல்லாத் தேடுபொறிகளிலும் முகவரி மாற்றத்தைப் பதிந்து தருகிறோம்" என்று யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் அது இலவசமாகவே இருக்கிறது. திருப்பத்தைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். அது தேடலுக்கான கணக்கு. புக்மார்க் வைத்திருப்பவருக்கு அந்த ஒரு வருடம் போதாது.