கூப்பிட்டால் என்ன சொல்லும்? – குரலுக்குப் பதில் சொல்லும் கருவிகள் பற்றிய கேள்விகள்

கேள்வி: புது ஸ்பீக்கர். பேர் சொல்லிக் கூப்பிட்டால் "வணக்கம், சொல்லுங்கள்" என்கிறது. ஆனால் நான் சொல்வதில் பாதிதான் அதற்குக் காதில் விழுகிறது. "படுக்கையறை விளக்கை அணை" என்றால் வீட்டில் எல்லா விளக்கும் அணைகிறது. மைக் பழுதா?

பதில்: மைக் நன்றாகத்தான் இருக்கும். அந்த வணக்கம்தான் உங்கள் பேச்சை விழுங்குகிறது.

ஸ்பீக்கர் பேசும்போது அதன் குரல் அதன் மைக்கிலேயே போய் விழும். அந்தச் சொந்தக் குரலைக் கழித்துவிட்டு உங்கள் குரலை மட்டும் பிரித்தெடுக்க ஒரு தனி ஏற்பாடு வேண்டும். எதிரொலி நீக்கம் என்று அதைச் சொல்வார்கள். நல்ல கருவிகளில் அது இருக்கிறது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கூப்பிட்டாலும் அவற்றுக்குக் கேட்பது அதனால்தான். மலிவாகச் செய்பவர்கள் சுலபமான வழியைப் பிடிக்கிறார்கள்: கருவி பேசி முடிக்கும்வரை மைக்கை மூடிவிடுவது. "வணக்கம், சொல்லுங்கள்" என்று சொல்ல ஒரு நொடிக்குமேல் ஆகும். நீங்கள் பேர் சொன்ன கையோடு "படுக்கையறை" என்கிறீர்கள், அது மூடிய மைக்கில் போய் முட்டுகிறது. மைக் திறந்த பிறகு கேட்டது "விளக்கை அணை" மட்டும். எந்த விளக்கு என்று தெரியாததால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டது.

இதைச் சோதிக்கப் பத்து நிமிடம் போதும். முதலில் பேர் சொல்லுங்கள், வணக்கம் முழுசாக முடியும்வரை காத்திருங்கள், அப்புறம் கட்டளை சொல்லுங்கள். ஐந்து தடவை இப்படி. அடுத்து பேரையும் கட்டளையையும் ஒரே மூச்சில், இடைவெளி விடாமல் ஐந்து தடவை. முதல் வகையில் ஐந்தும் சரியாக நடந்து, இரண்டாவதில் சொதப்பினால் நான் சொன்னதுதான் காரணம். இரண்டிலுமே சொதப்பினால் மைக்கைச் சந்தேகப்படலாம்.

தீர்வு என்ன என்றால், செட்டிங்ஸில் போய் அந்தப் பேச்சு வணக்கத்தை அணைத்துவிட்டு, குட்டி 'டிங்' ஒலியோ விளக்கு மட்டுமோ வைக்க முடிகிறதா பாருங்கள். முடிந்தால் பிரச்சினை தீர்ந்தது. முடியாது என்றால், திருப்பிக் கொடுக்கும் கெடு தாண்டுவதற்குள் கொடுத்துவிடுங்கள். மனிதர்கள் கூப்பிட்ட பேருக்கும் சொல்ல வந்ததற்கும் நடுவில் நிறுத்திப் பேசுவதில்லை. நிறுத்தினால்தான் கேட்பேன் என்கிற கருவியோடு தினமும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

நன்றாகச் செய்தவர்கள் இதை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆப்பிளின் சிரியை "ஹே சிரி" என்று மட்டும் கூப்பிட்டு நிறுத்தினால் சில கருவிகளில் "ம்ம்?" என்று கேட்கும். ஒரே மூச்சில் கேள்வியையும் சேர்த்துச் சொன்னால் அந்த "ம்ம்?" வராது, நேரே வேலைக்குப் போய்விடும். நீங்கள் தயங்கினால் மட்டும் பதில் குரல், தயங்காவிட்டால் மௌனம். வாங்கப் போகிறவர்கள் கடையில் இந்த ஒன்றைச் செய்து பார்த்தாலே கருவியின் தரம் பாதி தெரிந்துவிடும்.

கேள்வி: கூப்பிடும் பேரை என் மகளின் செல்லப் பேராக மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து வாங்கினேன். முடியவில்லை. ஏமாற்றிவிட்டார்கள்.

பதில்: யாரும் ஏமாற்றவில்லை. நீங்களாக நினைத்துக்கொண்டீர்கள். அமேசான் எக்கோவில் 'அலெக்ஸா'வுக்குப் பதிலாக 'எக்கோ', 'கம்ப்யூட்டர்' மாதிரி, கம்பெனி கொடுத்த சில பேர்களுக்குள்தான் மாற்றலாம். அந்தச் சொல்லை ஆயிரக்கணக்கான குரல்களில் கேட்க வைத்துப் பழக்கியிருப்பார்கள். நினைத்த பேரை வைக்க அது நாய்க்குட்டி இல்லை. வாங்குவதற்கு முன் ஒரு வரி படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

கேள்வி: கூப்பிடும் வரை கேட்காது என்கிறார்கள். கேட்காமல் இருந்தால் கூப்பிட்டது எப்படித் தெரியும்?

பதில்: சரியான கேள்வி. மைக் எப்போதும் திறந்துதான் இருக்கிறது. கருவிக்குள்ளேயே சின்ன நிரல் ஒன்று, கடைசியாக வந்த கொஞ்ச நேர ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு, அதில் அந்தப் பேர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வராவிட்டால் பழையதன் மேலேயே புதியது பதிந்துகொண்டு போகும், வெளியே எதுவும் போகாது. பேர் வந்ததாகத் தோன்றினால்தான் விளக்கு எரிகிறது, ஒலி வருகிறது, பேச்சு கம்பெனியின் சர்வருக்குப் போக ஆரம்பிக்கிறது. எக்கோவில் அங்கேயும் இன்னொரு முறை, "உண்மையிலேயே கூப்பிட்டார்களா?" என்று சரிபார்க்கிறார்கள்.

ஆக, அந்த விளக்கோ வணக்கமோ ஒரு மரியாதைக்காக மட்டும் வருவதில்லை. 'இனி நீங்கள் பேசுவது வெளியே போகும்' என்ற அறிவிப்பு அது. அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த கடிதத்தைப் படியுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குப் பார்வை அநேகமாகப் போய்விட்டது. "பார்வையற்றவர்களுக்கு ஏற்றது" என்ற விளம்பரத்தை நம்பி ஒரு குரல் ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தேன். கூப்பிட்டால் ஒரு விளக்கு மட்டும் எரிகிறது, சத்தமே இல்லை. அது கேட்கிறதா இல்லையா என்று தெரியாமல் அம்மா இரண்டு மூன்று தடவை பேரையே சொல்லிக்கொண்டிருக்கிறார். கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார்.

பதில்: உங்கள் அம்மாவை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. தப்பு உங்கள் மேல் துளியும் இல்லை.

முதலில் ஒன்றைப் பாருங்கள். அமேசான், கூகுள் ஸ்பீக்கர்களில் இந்த ஒலி இருக்கும், ஆனால் பெரும்பாலும் அணைத்த நிலையில்தான் வரும். அலெக்ஸா ஆப்பில் அந்தக் கருவியின் ஒலி அமைப்புகளுக்குள் Start of Request என்று ஒன்று உண்டு. கூகுள் ஹோமில் Accessibility என்பதற்குள் Play start sound. அதை இயக்கிவிட்டால் பேர் காதில் விழுந்ததும் ஒரு 'டங்' கேட்கும். End of Request, Play end sound இரண்டும் கேட்டு முடித்ததைச் சொல்லும். அதையும் சேர்த்துப் போடுங்கள். பார்வை இல்லாதவருக்கு இரண்டும் தேவை.

அப்படி ஒரு வசதியே அந்தக் கருவியில் இல்லை என்றால், விளம்பரம் பொய். விளம்பரத்தின் படத்தை இப்போதே எடுத்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். அம்மா கூப்பிடுவதையும், கருவி சத்தமில்லாமல் இருப்பதையும் ஒரு நிமிட வீடியோவாக எடுங்கள். கடைக்காரரிடம் "பிடிக்கவில்லை" என்று சொல்லாதீர்கள். "சொன்ன தன்மை பொருளில் இல்லை" என்று எழுத்தில் கொடுங்கள். பிடிக்கவில்லை என்பதற்கு மறுக்கலாம், இதற்கு மறுப்பது அவருக்கு அவ்வளவு சுலபமில்லை. மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்கி, நுகர்வோர் புகாருக்குப் போங்கள்.

இந்த விஷயத்தில் எனக்குப் பல நாளாகவே கோபம் உண்டு. விளக்கை மட்டும் அடையாளமாக வைப்பவர்கள், எல்லோரும் எந்நேரமும் அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறார்கள். யாரும் அப்படி இருப்பதில்லை. 2018-இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஒரு வீட்டில் நடந்ததைப் பாருங்கள். கணவனும் மனைவியும் வீட்டுத் தரைக்கு மரப்பலகை போடுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு பதிவாகி, கணவரின் கீழ் வேலை செய்த ஒருவருக்குப் போய்விட்டது. அவர் போன் செய்து "உடனே அந்தக் கருவிகளின் இணைப்பைப் பிடுங்குங்கள்" என்று சொன்ன பிறகுதான் வீட்டில் இருப்பவர்களுக்கே தெரிந்தது.

அமேசான் பிறகு தந்த விளக்கம் இது: பேச்சில் வந்த ஏதோ ஒரு சொல் 'அலெக்ஸா' மாதிரிக் கேட்டிருக்கிறது. எக்கோ விழித்தது. அடுத்து வந்தது 'செய்தி அனுப்பு' என்பது மாதிரிக் கேட்டிருக்கிறது. "யாருக்கு?" என்று அது வாய்விட்டே கேட்டது. அந்த நேரத்துப் பேச்சைத் தொடர்புப் பட்டியலில் இருந்த ஒரு பேராக எடுத்துக்கொண்டது. "இவருக்குத்தானே?" என்று மறுபடியும் கேட்டது. பேச்சில் வந்த இன்னொரு சொல்லை 'ஆமாம்' என்று புரிந்துகொண்டு அனுப்பிவிட்டது.

நாலு இடத்தில் தப்பு, ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அற்பம். இரண்டு தடவை கருவி வாய்விட்டுக் கேட்டும் அந்தக் குரல் அவர்களை எட்டவில்லை. ஒலி இருந்தால் மட்டும் போதாது, நாம் இருக்கும் இடம்வரை அது கேட்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. உங்கள் அம்மா உட்காரும் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து, டிவியை ஓடவிட்டு, அந்த 'டங்' காதில் விழுகிறதா என்று பாருங்கள். ஒலியளவு குறைந்தால் அடையாள ஒலியும் குறைகிறதா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: யாரும் கூப்பிடாமலே நடுவில் பதில் பேசுகிறது. பேய் மாதிரி இருக்கிறது.

பதில்: பேர் மாதிரி ஒலிக்கும் வேறு சொல் எங்கேயோ வந்திருக்கும். ஜெர்மனியின் போஹும் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கோவைகளைக் கண்டுபிடித்தார்கள். 'எலெக்ஷன்' என்றால் அலெக்ஸா விழித்தது, 'ஓகே கூல்' என்றால் கூகுள் விழித்தது.

நானும் பட்டிருக்கிறேன். இணையமே தேவையில்லாத ஒரு குரல் விளக்கு வாங்கினேன். இரவு 2 மணிக்கு, தூக்கத்தில் யாரோ இருமிய சத்தத்துக்கு, முழு ஒலியில் "நான் இங்கே இருக்கிறேன்" என்றது. ஒலியைக் குறைக்க வழியில்லை, பேரை மாற்றவும் வழியில்லை, இரண்டும் சிப்பிலேயே எழுதி வைத்தது. மூன்றாவது வாரம் கழற்றிவிட்டேன். வாங்கும்போது "வரவேற்புக் குரலை அணைக்க முடியுமா?" என்று கேட்டிருந்தால் அந்தச் செலவு மிச்சம்.

உங்கள் கருவியில் ஆப்பின் குரல் வரலாற்றைத் திறந்து, அந்த நேரத்தில் பதிவானதைப் போட்டுக் கேளுங்கள். எந்தச் சொல் எழுப்பியது என்று அங்கேயே தெரியும். டிவியிலிருந்து வந்தது என்றால் ஸ்பீக்கரை டிவியை விட்டுத் தள்ளி வையுங்கள். உங்கள் வீட்டில் அடிக்கடி புழங்கும் பேர் என்றால் கூப்பிடும் சொல்லை மாற்றுங்கள். கூகுளில் எவ்வளவு லேசாக விழிக்க வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைக்கலாம். ஒன்று, குறைத்தால் நீங்கள் உண்மையிலேயே கூப்பிடும்போதும் சில தடவை கேட்காது.

கேள்வி: விளக்கு எரியவில்லை என்றால் கேட்கவில்லை என்று நம்பலாமா?

பதில்: விளக்கின் மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன் என்று உங்கள் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் துணியை எடுங்கள்.

கேள்வி: மைக்கை அணைக்க மியூட் பட்டன் போதுமா, பிளக்கைப் பிடுங்க வேண்டுமா?

பதில்: எக்கோவில் பட்டன் போதும். அழுத்தினால் மைக்குக்குப் போகும் மின்சாரமே துண்டிக்கப்படும், சிவப்பு விளக்கு எரியும். வேறு கருவி என்றால் பட்டனை அழுத்திவிட்டு நாலு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். ஆப்பில் மட்டும் மியூட் இருந்து, கருவியில் பட்டனே இல்லை என்றால் வாங்காதீர்கள்.