தூக்கத்தைக் கெடுக்கும் காபி: பொட்டலத்தில் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: எனக்கு 52 வயது. காலை 6 மணி, பகல் 11 மணி, மாலை 5.30 மணி என்று மூன்று வேளை ஃபில்டர் காபி. இரவு 10.30க்குப் படுத்தால் ஒரு மணி நேரமானாலும் தூக்கம் பிடிப்பதில்லை. காபியை அடியோடு விட என்னால் ஆகாது. சிக்கரி அதிகமுள்ள பொடிக்கு மாறுங்கள் என்கிறார் கடைக்காரர். காஃபீன் நீக்கிய டீகாஃப் வாங்கு என்கிறாள் மகள். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கடைக்காரர் சொன்னது பாதிதான் சரி. சிக்கரி ஒரு வேர். அதில் காஃபீன் கிடையாது. பொடியில் சிக்கரி ஏற ஏறக் காபியின் பங்கு குறையும் என்பதும் உண்மை. ஆனால் மீதமுள்ள காபி எந்தக் கொட்டை என்பதை அவர் சொல்லவில்லை. உங்கள் தூக்கத்துக்கு அதுதான் பெரிய கேள்வி.

நம் ஊர்ப் பொடிகளில் இரண்டு கொட்டைகள் வருகின்றன. அராபிகாவில் காஃபீன் எடையில் ஏறத்தாழ 1.2 சதவீதம். ரொபஸ்டாவில் 2.2 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட இரட்டிப்பு. இந்தியாவில் விளையும் காபியில் பெரும்பங்கு ரொபஸ்டாதான். விலை குறைவு, டிகாஷன் கெட்டியாக இறங்கும், பாலில் எடுப்பாகத் தெரியும். அதனால் மலிவான கலவைகளில் தாராளமாகச் சேர்க்கிறார்கள்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒரு டம்ளருக்கு 10 கிராம் பொடி போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 80க்கு 20 கலவை, காபி முழுவதும் அராபிகா என்றால் அதில் 8 கிராம் காபி, சுமார் 96 மில்லிகிராம் காஃபீன். கடைக்காரர் காட்டும் 53க்கு 47 பொடியில் காபி 5.3 கிராம்தான், ஆனால் அது முழுக்க ரொபஸ்டாவாக இருந்தால் காஃபீன் சுமார் 117 மில்லிகிராம். சிக்கரி இரண்டு மடங்குக்கு மேல் ஏறியும் காஃபீன் கூடிவிட்டது. நீங்கள் நல்லதென்று நினைத்து மாறி, இரவில் முன்னைவிட அதிகமாகப் புரண்டுகொண்டிருப்பீர்கள்.

ஆகவே அராபிகாவும் வேண்டும், சிக்கரியும் சற்றுக் கூட வேண்டும். அராபிகா 60, சிக்கரி 40 என்று அரைத்து வாங்கினால் 10 கிராம் பொடியில் 72 மில்லிகிராம்தான் இருக்கும்.

பொட்டலத்தில் வாங்கினால் காபி இத்தனை சதவீதம், சிக்கரி இத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும்; இது உணவுப் பாதுகாப்பு விதி. கொட்டை எந்த வகை என்பதைத்தான் பல நிறுவனங்கள் அச்சிடுவதில்லை. அப்படி ஒன்றும் சொல்லாத, விலை குறைந்த பொட்டலத்தில் ரொபஸ்டா கணிசமாக இருக்கும் என்றே நான் எடுத்துக்கொள்வேன். வறுத்து அரைத்துத் தரும் கடை என்றால் வேலை சுலபம். ‘பிளான்டேஷன் ஏ’ என்று கேளுங்கள். அது அராபிகாவின் ஒரு தரம். ‘பீபெரி’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒற்றையாக உருண்டு விளையும் கொட்டைக்கு அந்தப் பெயர்; அராபிகாவிலும் பீபெரி உண்டு, ரொபஸ்டாவிலும் உண்டு. பெயரில் மயங்கி ரொபஸ்டா பீபெரியை வாங்கிவந்து, உயர்ந்த ரகம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் பலர்.

நிறத்தையும் கசப்பையும் வைத்து அளவிட வேண்டாம். கருக வறுத்தாலும் காஃபீன் பெரிதாகக் குறைவதில்லை. சிக்கரி டிகாஷனைக் கறுப்பாக்கும், கசப்பும் தரும். காஃபீன் மட்டும் தராது. இன்னொரு சங்கடமும் உண்டு. சிக்கரி கூடினால் காபி மணம் குறையும். உடனே கை தானாக இன்னொரு கரண்டி பொடியை ஃபில்டரில் போடும். 10 கிராம் 15 ஆனால் மிச்சப்படுத்தியதெல்லாம் போயிற்று. முதல் சில நாள்கள் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

மகள் சொன்ன டீகாஃபுக்கு வருகிறேன். உங்கள் மாலை 5.30 காபிக்கு அதுதான் சரி.

காரணம் இது. குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகப் பெரும்பாலானவர்களுக்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது மாறும். கர்ப்ப காலத்திலும், கருத்தடை மாத்திரையோ சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில மருந்துகளோ சாப்பிடும்போதும் இன்னும் நீளும். உங்களுடையது பாதி அராபிகா, பாதி ரொபஸ்டா சேர்ந்த 80க்கு 20 பொடி என்று கொண்டால், பொடியிலுள்ள காஃபீன் முழுதும் டிகாஷனில் இறங்காது என்பதால், ஒரு டம்ளரில் சுமார் 110 மில்லிகிராம் இறங்கும். 5.30க்குக் குடித்ததில் 55 மில்லிகிராம் 10.30க்கும் உள்ளே இருக்கும். 11 மணிக் காபியில் 22, காலைக் காபியில் 11. மொத்தம் 88. ஒரு கோப்பைத் தேநீரைக் குடித்துவிட்டுப் படுப்பதைவிட இது அதிகம்.

காலையும் பகலும் 60க்கு 40 அராபிகா, மாலையில் டீகாஃப் என்று மாற்றிப் பாருங்கள். டம்ளருக்கு இறங்குவது 60 மில்லிகிராம் என்றால், படுக்கும் நேரத்தில் காலையுடையது 6, பகலுடையது 12, டீகாஃபுடையது 5க்குள். எல்லாம் சேர்ந்து 20 சொச்சம். நாள் மொத்தமும் 330இலிருந்து 130க்கு இறங்கிவிடும். இந்தியத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளொன்றுக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது. இப்போது நீங்கள் அதைத் தாண்டித்தான் நிற்கிறீர்கள். ஆனால் உங்கள் பிரச்சினை மொத்த அளவைவிட மாலை வேளையில்தான் இருக்கிறது. ஒன்றைத்தான் மாற்ற முடியும் என்றால் அந்த 5.30 காபியை மாற்றுங்கள்.

டீகாஃப் என்றால் காஃபீன் அறவே இல்லை என்று பொருள் அல்ல. ஒரு டம்ளரில் 10 மில்லிகிராமுக்குள் மிஞ்சலாம். நம் கடைகளில் கண்ணில் படுவது பெரும்பாலும் இன்ஸ்டன்ட் டீகாஃப். ஃபில்டருக்கு ஏற்ற பொடியை இணையத்தில்தான் தேட வேண்டியிருக்கும். விலையும் சாதாரணப் பொடியைவிடக் கூடுதல். ஒரு வேளைக்கு மட்டும் என்பதால் சிறிய பொட்டலமாக, வறுத்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். டீகாஃப் பொடி சீக்கிரம் மணம் இழக்கும், பழையதானால் அட்டை போலச் சுவைக்கும். சில முறைகளில் காஃபீனைப் பிரிக்க ரசாயனக் கரைப்பான் பயன்படுகிறது. கொட்டையை அதன் பிறகு வறுப்பதால் மிஞ்சுவது மிகச் சொற்பம். அதுவும் வேண்டாம் என்று நினைத்தால் ‘ஸ்விஸ் வாட்டர்’ அல்லது கார்பன் டை ஆக்சைடு முறை என்று குறித்திருப்பதை வாங்குங்கள். சுவை பிடிக்கவில்லை என்றால் டீகாஃப் பாதி, உங்கள் வழக்கப் பொடி பாதி என்று கலந்து தொடங்கலாம்.

மாலையில் டீகாஃபே வேண்டாம் என்றால் சுக்கு மல்லிக் காபி இருக்கிறது. சுக்கு, மல்லி, மிளகு, கருப்பட்டி என்று வீட்டில் இடித்தால் அதில் காஃபீன் இல்லை. கடைப் பொட்டலமானால் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். பெயருக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று சிலர் காபிப் பொடியையே சேர்த்துவிடுகிறார்கள். தனிச் சிக்கரியைப் பாலில் கலந்து குடிப்பவர்களும் உண்டு. எனக்கு அது ஒத்துவருவதில்லை. அதிலுள்ள இனுலின் என்ற நார்ச்சத்து சிலருக்கு வயிற்றை உப்பச் செய்யும். இரவில் அது வேறு ஒரு தொல்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதல் வாரம் மாலைக் காபியை மட்டும் பாதிப் பாதியாக்குங்கள். அடுத்த வாரம் முழு டீகாஃப். பிறகு காலைப் பொடியை மாற்றுங்கள். சட்டென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலைவலி, சோர்வு, எரிச்சல் தொடங்கும். சிலருக்கு ஒரு வாரம்கூட இழுக்கும். அப்போது தலைவலி மாத்திரை வாங்கினால் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். பாரசிட்டமாலுடன் காஃபீன் சேர்ந்த மாத்திரைகள் மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. அதைப் போட்டதும் வலி பறந்துவிடும். விட்ட காஃபீன் மாத்திரை வழியே திரும்பி வந்திருக்கும்.

இப்படி மாறி மூன்று வாரம் ஆகியும் தூக்கம் அப்படியே இருந்தால் பழியைக் காபி மேல் போட வேண்டாம். பலத்த குறட்டை, எழும்போது தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குவது, படுத்தால் கால் குறுகுறுப்பது, இரவில் வியர்த்து விழிப்பது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்களும் தூக்கத்தைக் கலைக்கும். அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நான் தேநீர்க்காரன். தூக்கத்துக்காக இரவு உணவுக்குப் பின் துளசி கிரீன் டீ குடிக்கிறேன். மூலிகைதானே, காஃபீன் இருக்காதல்லவா?
– வாசகர், திருப்பூர்

பதில்: இருக்கிறது. கிரீன் டீயும் கறுப்புத் தேநீரும் ஒரே செடியின் இலை, பக்குவம்தான் வேறு. கிரீன் டீயில் கோப்பைக்குச் சுமார் 30 மில்லிகிராம் வரும். கொதிக்கவைத்த டஸ்ட் தேநீரைவிட இது குறைவுதான், ஆனால் படுக்கும் முன் குடிக்கும் பானம் அல்ல. துளசி கலந்ததால் இலையிலுள்ள காஃபீன் போய்விடாது. முதல் அரை நிமிடத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் காஃபீன் கழுவிப்போகும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அதையும் நம்ப வேண்டாம். அந்த நேரத்தில் சிறு பகுதிதான் இறங்கும், மணம்தான் அதிகமாகப் போகும்.

பகலில் குடிக்கும் பால் தேநீரிலும் கொஞ்சம் குறைக்க முடியும். டஸ்ட் மிகப் பொடியான தூள் என்பதால் அடுப்பில் பாலோடு கொதிக்கும்போது அதிலுள்ள காஃபீன் ஏறக்குறைய முழுதும் இறங்கிவிடுகிறது. சற்றுப் பெரிய இலைத் தேயிலையை வாங்கி, கொதித்த தண்ணீரில் இரண்டு நிமிடம் மட்டும் மூடிவைத்து வடித்தால் குறையும். சுவை லேசாகத்தான் இருக்கும். இரவுக்குச் சேர்மானத்தில் ‘தேயிலை’ என்ற சொல்லோ ‘கேமெலியா சினென்சிஸ்’ என்ற அதன் தாவரப் பெயரோ இல்லாத பொட்டலமாகப் பாருங்கள். வெறும் துளசி, இஞ்சி, எலுமிச்சைப் புல், சீமைச் சாமந்தி என்றிருந்தால் வாங்கலாம். தூங்கப்போகும் ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே குடித்து முடித்துவிடுங்கள். இல்லையென்றால் காஃபீன் எழுப்பாவிட்டாலும் சிறுநீர் எழுப்பும்.