ஆள பாத்த உடனே பேரு சொல்ற ஸ்மார்ட் கண்ணாடின்னா பிரைவசி ஆராய்ச்சியாளர்கள் ஏன் இவ்ளோ பதறுறாங்க? வெளிய வந்தா முகம் எல்லாருக்கும் தெரியத்தானே போகுது?

முகம் தெரியும், பேரு தெரியாது. அந்த தைரியத்துலதான் நாம எல்லாரும் கூட்டத்துக்குள்ள நடமாடுறோம், அந்த தைரியம் போயிடும்னுதான் அவங்க பதறுறாங்க.

2024 அக்டோபர்ல ஹார்வர்ட் மாணவர்கள் ரெண்டு பேர் ஐ-எக்ஸ்ரேன்னு ஒண்ண செஞ்சு காட்டுனாங்க. அதுல புதுசா கண்டுபிடிச்சதுன்னு எதுவுமே இல்ல, பயமே அங்கதான். கடையில கிடைக்கிற ரே-பேன் மெட்டா கண்ணாடியில இருந்து வீடியோ இன்ஸ்டாகிராம்ல லைவா போகுது, அத ஒரு புரோகிராம் பாத்துட்டே இருந்து முகம் வந்ததும் புடிச்சு பிம்ஐஸ்ங்கிற முகம் தேடுற தளத்துக்கு அனுப்புது. பிம்ஐஸ் பேரு சொல்லாது, அந்த முகம் எந்தெந்த வலைப்பக்கத்துல இருக்குன்னு மட்டும் காட்டும். அந்தப் பக்கங்கள சாட்ஜிபிடி மாதிரி ஒரு ஏஐ மொழி மாடல் படிச்சு பேர உருவிடுது. பேரு கிடைச்சிட்டா அமெரிக்காவுல ஆள் தேடுற தளங்கள்லயே வீட்டு முகவரி, போன் நம்பர், சொந்தக்காரங்க பேரெல்லாம் வந்துடும், கடைசியில மொத்தமும் கண்ணாடி போட்டவர் போன்ல வந்து நிக்குது.

இத வச்சு பொது இடத்துல முன்னபின்ன தெரியாதவங்க கிட்ட போய், ஒரு அறக்கட்டளை மூலமா பாத்திருக்கோமேன்னு பேச்சு குடுத்தாங்க, அவங்களும் நம்பி பேசுனாங்க. அந்த இடத்துல ஒருத்தர பின்தொடர்ந்து தொல்லை குடுக்குறவன வச்சு யோசிச்சு பாருங்க. முன்னாடியும் தோண்டலாம்தான், ஆனா போட்டோ எடுக்கணும், உக்காந்து தேடணும், அந்த மெனக்கெடல்தான் பலர காப்பாத்திட்டு இருந்துச்சு.

தப்பா சொன்னாலும் ஆபத்துதான், இத ரொம்ப பேர் யோசிக்கிறதில்ல. உங்க போட்டோ நெட்ல எங்கயுமே இல்லன்னு வைங்க, தேடுற சிஸ்டம் சும்மா இருக்காது, உங்கள மாதிரி சாயல் உள்ள இன்னொருத்தர கொண்டு வந்து நிறுத்தலாம். கணக்குக்கு, நூத்துல ஒண்ணு தப்பாகுதுன்னே வச்சாலும் ஆயிரம் பேர பாத்தா பத்து பேருக்கு அடுத்தவங்க பேரு. கண்ணாடி போட்டவர் நின்னு சரிபாக்க மாட்டார், அந்தப் பேருல ஒரு குற்றச் செய்தி இருந்தா அந்த கணமே உங்கள பாக்குற பார்வை மாறிடும், ஏன்னு உங்களுக்குத் தெரியக்கூட தெரியாது.

ஃபிரேம்ல லைட் எரியுமேன்னு சொல்வாங்க. அது ரெக்கார்ட் ஆகுதுன்னுதான் சொல்லும், முகத்த எங்கயோ அனுப்பி தேடிட்டு இருக்குன்னு சொல்லாது.

அந்த மாணவர்கள் இதோட புரோகிராம் கோட வெளியிடல, அது நல்ல முடிவு. பதிலா இந்தத் தளங்கள்ல இருந்து நம்ம விவரத்த எப்படி எடுக்கச் சொல்றதுன்னு எழுதி வச்சாங்க. செய்ய முடிஞ்சவங்க கண்டிப்பா செய்யுங்க, ஆனா பிம்ஐஸ்ல விலகல் கோரிக்கை குடுத்தா பிம்ஐஸ் தேடல்ல வராம இருக்கும், அவ்வளவுதான். மூலப் பக்கத்துல போட்டோ அப்படியேதான் இருக்கும், வேற தேடல் தளம் வந்து எடுத்துக்கலாம், அதுக்கு திரும்ப தனியா கேக்கணும்.